பதினைந்து லட்சம் வியாபாரம், மூன்று லட்சம் கடன்

தென்காசிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"என்ன தாயி, வாய்க்குள்ளயே என்னத்தையோ சொல்லிக்கிட்டு வாரியே, வேண்டுதலா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? வருஷ வியாபாரம் பதினஞ்சு லட்சம், கேக்குறது மூணு லட்சம், என் கைக்காசு எழுபத்தஞ்சாயிரம் என்று எழுந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

சுயதொழில் பயிற்சி ஒன்றுக்குப் போனபோது அங்கே பாடம் எடுத்தவர் சொல்லிக்கொடுத்த வழி இது. பேங்கில் அழக்கூடாது, கதை சொல்லக்கூடாது, முக்கியமான எண்கள் மூன்றை எடுத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், எழுந்து வந்த பிறகும் அதிகாரியின் காதில் அது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அதிகாரி காதில் கேட்டதோ இல்லையோ, என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சிப்ஸ் பொரிக்கும்போதும் பதினைந்து, மூன்று, எழுபத்தைந்து. சோறு வடிக்கும்போதும் பதினைந்து, மூன்று, எழுபத்தைந்து.

நான் ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். அவர் அனுப்பும் பணம் வீட்டுக்கடனுக்கே சரியாகப் போய்விடும். கடைக்கு நான் பாடுபட்டால்தான் உண்டு. எனக்குத் துணைக்குக் கொழுந்தன் நிற்கிறான். நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பள்ளிக்கூடப் பையனாக இருந்தவன், இப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணெய்தான் அந்த வருஷம் எல்லாவற்றையும் குழப்பியது. சீசனுக்கு வேண்டிய தேங்காய் எண்ணெயை மில்காரர் வழக்கமாகக் கடனாகவே கொடுத்துவிடுவார். ஆடி முடியும்போது மொத்தமாகக் கொடுப்போம். அந்த வருஷம் எண்ணெய் விலை இரட்டிப்பானதும் அவர் முகமே மாறிவிட்டது. "ரொக்கம் வச்சா டின்னு இறங்கும், இல்லன்னா அடுத்த ஆளுக்கு இறங்கும்" என்று பட்டென்று சொல்லிவிட்டார். பழகின மனுஷர், முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபத்தை ஊற்றிச் சிப்ஸ் பொரிக்க முடியாதே.

மலை உச்சியில் கறுப்பாக மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. காற்றும் ஆரம்பித்துவிட்டது. அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டால் கூட்டம் வந்துவிடும், கூட்டம் வரும்போது என்னிடம் எண்ணெய் இருக்காது. கந்துவட்டிக்காரர்கள் மோப்பம் பிடித்து இரண்டு பேர் கடைக்கே வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் பேங்குக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

பேங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு உட்காரவே வராது. நின்று பழகின கால், சும்மா இருக்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. கடன் பார்க்கும் மேஜையில் இளவயதுப் பெண் ஒருத்தர் இருந்தார். பேச்சைக் கேட்டால் நம்ம பக்கத்துக்காரர் இல்லை. என் முறை வந்ததும், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் ஆரம்பித்தேன்.

"மேடம், ஐந்தருவி ரோட்டுல நேந்திரங்காய் சிப்ஸ் கடை வச்சிருக்கேன். வருஷ வியாபாரம் பதினஞ்சு லட்சம். சீசன் மூணு மாசத்துல ஒம்பது லட்சம், ஐயப்ப சாமிமார் வார ரெண்டு மாசத்துல மூணு லட்சம், மிச்ச ஏழு மாசமும் சேந்து மூணு லட்சம். ஆக பதினஞ்சு லட்சம். நான் கேக்குறது மூணு லட்சம். எண்ணெய்க்கு ஒன்றரை லட்சம், காய்க்கு ஒரு லட்சம், கேஸு, கவரு, வாடகைக்கு அம்பதாயிரம். ஆக மூணு லட்சம். என் கைக்காசு எழுபத்தஞ்சாயிரம், சீட்டு எடுத்து வச்சிருக்கேன். நூறு ரூவாய்க்கு வித்தா இருவது ரூவா மிஞ்சும். பதினஞ்சு லட்சத்துக்கு மூணு லட்சம் மிஞ்சும், மாசத்துக்கு இருவத்தஞ்சாயிரம். அதுல உங்க தவணையக் கட்டிருவேன். வியாபாரம் பதினஞ்சு லட்சம், கேக்குறது மூணு லட்சம், கைக்காசு எழுபத்தஞ்சாயிரம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கொஞ்சம் தண்ணி குடிங்கக்கா."

குடித்தேன். அவர் கால்குலேட்டரைக்கூடத் தொடவில்லை.

"வியாபாரத்துல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் நடைமுறை மூலதனமா கொடுக்கலாம். பதினஞ்சுக்கு மூணு. உங்க பங்கா நூத்துக்கு அஞ்சு, எழுபத்தஞ்சாயிரம். கணக்கு சரியா இருக்கே. யாரு போட்டுக் கொடுத்தாங்க?"

"நான்தான் மேடம்" என்றேன். பாதி பொய். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. ஆனால் ஒன்பதும் மூன்றும் மூன்றும் என்னுடைய சொந்தக் கணக்கு.

"ஆனா தவணைக் கடன் உங்களுக்கு எதுக்கு? புரட்டாசியில அருவிக்கு யாரு வருவாங்க? அந்த மாசத் தவணைய எதுல கட்டுவீங்க?"

கடன் என்றால் மாதாமாதம் தவணை என்றுதான் ஊரில் எல்லோரும் வாங்குகிறார்கள், நானும் அப்படியே கேட்டேன். அவர் விளக்கினார். மூன்று லட்சம் என்று ஓர் எல்லை வைத்துக் கணக்கு திறந்து கொடுப்பார்களாம். வேண்டும்போது எடுக்கலாம், வியாபாரம் ஆனதும் திரும்பப் போடலாம். எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாளுக்கு மட்டும் வட்டி. அந்த வட்டியை மாதாமாதம் தவறாமல் கட்ட வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை கணக்கைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், கடை வரவெல்லாம் அந்தக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். முழு மூன்று லட்சத்தையும் எடுத்து வைத்திருந்தாலும் மாத வட்டி மூவாயிரத்துக்குள்தான் வரும் என்றார். சொத்து அடமானம் வேண்டாம், அரசாங்கத் திட்டத்தில் போட்டுவிடலாம் என்றார். எனக்கு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"தண்ணி விழாத வருஷம் என்ன செய்வீங்க?"

"அந்த வருஷம் எண்ணெய் கம்மியா எடுப்பேன் மேடம். கேரளா பஸ்ஸுக்கும் ஊர்க் கல்யாணத்துக்கும் மட்டும் பொரிப்பேன்."

"வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டா?"

"அப்போதான் நல்லா ஓடும். குளிக்க முடியாதவங்க தின்னுக்கிட்டே வேடிக்கை பாப்பாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிக் கடன் வாங்கியாகிவிட்டது என்று என் மனசு துள்ளியது. அந்தத் துள்ளலில்தான் போனை எடுத்து, போன சீசனில் கடை முன்னால் கூட்டம் மொய்த்த போட்டோவைக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாகக் காட்டினேன்.

அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கி, கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த பணம் அனுப்பும் ஸ்கேன் அட்டையைப் பார்த்தார்.

"இதுல வேற பேரு இருக்கே?"

"என் கொழுந்தன் பேரு மேடம்."

"அப்போ ஸ்கேன் பண்ற பணம்?"

"அவன் கணக்குக்குப் போகும். அவன் காய் வாங்குவான், எண்ணெய்க்குக் கொடுப்பான், மிச்சத்தை எடுத்து என் கையில தருவான். ஒத்த ரூவா முன்னப்பின்ன இருக்காது."

எனக்கு இது ஒன்றும் புது விஷயமில்லை. அந்த அட்டை வந்த காலத்தில் என்னிடம் இருந்தது பட்டன் போன். அட்டை ஒட்ட வந்த பையன் நல்ல போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டான், கொழுந்தன் நீட்டினான், ஒட்டிவிட்டுப் போய்விட்டான். வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் ரோட்டில் பாதிக் கடைகளில் இப்படித்தான். கடை ஒருத்தர், அட்டை இன்னொருத்தர். பணம் வீட்டுக்குள்தானே சுற்றுகிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை.

அவர் கம்ப்யூட்டரில் என் கணக்கைத் திறந்தார். "உங்க கணக்குல ஒரு வருஷத்துல வந்தது ரெண்டேகால் லட்சம். நீங்க சொல்றது பதினஞ்சு லட்சம். நான் உங்களை நம்புறேன்கா. ஆனா மேனேஜர் என் நம்பிக்கையப் பார்க்க மாட்டார், கணக்கைத்தான் பார்ப்பார்."

"லைசென்ஸ் என் பேருல இருக்கு. வாடகைச் சீட்டு என் பேருல இருக்கு. தொழில் பதிவும் என் பேருலதான்."

"எல்லாம் சரி. பணம் மட்டும் வேற பேருல போகுது."

பதினைந்து, மூன்று, எழுபத்தைந்து என்று நான் ஓதின ஓதலெல்லாம் ஒரு சின்ன அட்டையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவர் யோசித்துவிட்டு வழி சொன்னார். கொழுந்தன் சம்மதித்து அவன் கணக்கு விவரத்தைத் தானாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவர் நேரில் வந்து கடையைப் பார்ப்பார். கடை யாருடையது என்று அவனிடமே கேட்பார், பக்கத்திலும் விசாரிப்பார். அது ஒத்துப்போனால் அந்த வரவையும் கடை வரவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

"அவரு சொல்லிருவாருல்ல?" என்று கேட்டார்.

"சொல்லாம என்ன மேடம்?" என்றேன் விறைப்பாக.

அப்படிச் சொல்லிவிட்டு வெளியே வந்த எனக்கு, பஸ் ஸ்டாண்டு வந்து சேருவதற்குள் அந்த விறைப்பு போய்விட்டது. காரணம் உண்டு. பெண் வீட்டார் வந்து பேசினபோது, பையன் என்ன செய்கிறான் என்ற கேள்விக்கு, "சொந்தக் கடை" என்று சொன்னது அவன்தான். பக்கத்தில் காப்பி தட்டோடு நின்றவள் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணப் பேச்சில் எல்லோரும் கொஞ்சம் ஊதித்தான் சொல்வார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். பேங்குக்காரர் வந்து ரோட்டில் நின்று விசாரித்தால் அது இலத்தூர் வரைக்கும் போகாமல் இருக்குமா? பெண் வீடு இலத்தூரில்தான் இருந்தது.

கடைக்கு வந்து அவனிடம் சொன்னேன். காய் சீவிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"அப்போ நான் யாரு மதினி? அந்த மேடத்துக்கிட்ட என்னைய என்னன்னு சொன்னிய?"

"கொழுந்தன்னு சொன்னேன்."

"கொழுந்தன்னா? கொழுந்தன்னா ஒரு வேலையா?"

"ஏலே, கடைய ஆரம்பிச்சது நானா நீயா? அதச் சொல்லுததுக்கு உனக்கு என்ன நோவுது?"

"ஆரம்பிச்சது நீங்கதான். இல்லன்னு எவன் சொன்னான்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வேலை மட்டும் நடந்தது. காய் வந்தது, சீவினான், நான் பொரித்தேன், கல்லாவில் நின்றான். கேஸ் தீர்ந்துவிட்டது என்பதைக்கூட வாயால் சொல்லவில்லை, காலி சிலிண்டரை என் முன்னால் உருட்டிவிட்டான். இவனுக்கு இருக்கிற கொழுப்பைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கடித்தாலும் பயம் போகவில்லை. அவன் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் என் மூன்று லட்சம் போச்சு, எண்ணெய் போச்சு, சீசன் போச்சு.

அந்த மேடம் வந்த அன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆட்டோவிலிருந்து குடையோடு இறங்கினார். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டே வருகிறவர்கள் சூடாகக் கேட்டு நின்றார்கள். நான் உள்ளே பெரிய சட்டியின் முன்னால். அப்போதுதான் ஒரு ஈடு சீவி விட்டிருந்தேன், உப்பு மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் எண்ணெய் படபடவென்று இரைந்தது. விட்டுவிட்டு வர முடியாது, விட்டால் அத்தனையும் கருகும். ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

முதலில் பக்கத்துத் துண்டுக் கடை அண்ணாச்சியிடம் கேட்டார். அண்ணாச்சி தயங்காமல், "தம்பி கடைதாம்மா, நல்ல பையன்" என்றார். எனக்கு அந்தக் கொதிக்கிற எண்ணெயைக் கொண்டுபோய் அவர் துண்டுகள்மேல் ஊற்றலாமா என்று வந்தது. இத்தனை வருஷம் என் கடைச் சிப்ஸை ஓசியில் தின்ற வாய்!

மேடம் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "அண்ணே, கடை யாருடையது?"

எண்ணெய் இரைச்சல் அடங்கிக்கொண்டு வந்தது. சிப்ஸ் வெந்துவிட்டால் சத்தம் குறையும். அந்தக் குறைந்த சத்தத்தில் அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"எங்க மதினி கடை மேடம். ஆரம்பத்துல இருந்தே அவங்களதுதான். அண்ணாச்சிக்கு நான் கல்லாவுல நிக்கதுதான் தெரியும், அடுப்புல நிக்கது யாருன்னு தெரியாது."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினான். அவன் கணக்கு விவரம். எப்போது போய் எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். மேடம் அதைப் புரட்டிவிட்டு, "ஒன்பதே முக்கால் வந்திருக்கு. எல்லாம் கடைப் பணமா?" என்று கேட்டார்.

"எல்லாம் கடைப் பணந்தான்."

"அப்போ உங்க சம்பளம் இதுல எங்கே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சிப்ஸை அள்ளி வடிகட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சம்பளம்னு ஒண்ணும் கிடையாது மேடம். வேணுங்கும்போது செலவுக்கு வாங்கிக்கிடுவேன்."

மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "அக்கா, மாசம் இருபத்தஞ்சாயிரம் மிஞ்சும்னு சொன்னீங்களே, அதுல இவரு சம்பளத்தைக் கழிச்சீங்களா?"

கழிக்கவில்லை. காய்க்குக் கழித்திருந்தேன், கேஸுக்கு, உப்புக்கு, கவருக்குக்கூடக் கழித்திருந்தேன். அத்தனை நாள் ஓதின கணக்கில் அவன் இல்லவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தில் எரிச்சலும் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முன்னால் வந்தேன். ஈரத்துண்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும்.

"மேடம், அன்னைக்குச் சொன்ன கணக்கு தப்பு. இப்பம் சரியாச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. வருஷ வியாபாரம் பதினஞ்சு லட்சம். அது மாறல. கேக்குறது மூணு லட்சம். அது மாறல. என் கைக்காசு எழுபத்தஞ்சாயிரம். அது மாறல. மிஞ்சுறது மாசம் இருவத்தஞ்சாயிரம் இல்ல. இவனுக்குச் சம்பளம் பத்தாயிரம். அது போக மிஞ்சுறது பதினஞ்சாயிரம். நீங்க சொன்ன வட்டி மூவாயிரத்துக்குள்ள. பதினஞ்சாயிரத்துல மூவாயிரம் போனாலும் பன்னண்டாயிரம் நிக்கும். அப்பவும் கட்டிருவேன். வியாபாரம் பதினஞ்சு லட்சம், கேக்குறது மூணு லட்சம், மிஞ்சுறது பதினஞ்சாயிரம்."

மேடம் எழுதிக்கொண்டார். கணக்கில் காட்ட முடிந்த வரவு பன்னிரண்டு லட்சம்தான், ரொக்கமாக வந்து ரொக்கமாகவே போனதைச் சேர்க்க முடியாது, அதனால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குத்தான் சிபாரிசு செய்ய முடியும் என்றார். புதுக் கணக்குக்கு என் பெயரில் அட்டை வாங்கி ஒட்டச் சொன்னார். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது மூன்றைப் பார்க்கலாம் என்று சொல்லி, அரைக் கிலோ சிப்ஸைக் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினார். சும்மா வைத்துக்கொள்ளச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன், கேட்கவில்லை.

இரண்டு நாற்பது கிடைத்தது. எண்ணெய் மில்காரர் ரொக்கத்தைப் பார்த்ததும் பழைய சிரிப்பைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். அதையெல்லாம் விட என் மனசில் தங்கியிருப்பது, அன்று அந்த ஆட்டோ போன பிறகு நடந்ததுதான்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கொழுந்தன் சட்டி ஓரமாக வந்து நின்றான். இத்தனை நாள் கழித்து அவனாகப் பேசினான்.

"மதினி, அந்தப் பத்தாயிரம் நெசமாவா? இல்ல, மேடத்துக்காகச் சொன்னியளா?"

"நெசந்தாம்லே."

"எப்பத்துல இருந்து?"

வாய்க்கு வந்தபடி சொல்லிவிடலாம்தான். ஆனால் கையில் இருந்த காசு எண்ணெய்க்கே பத்தாது. "சீசன் முடியட்டும். அதுக்குப் பொறவு மாசாமாசம் தாரேன். முன்னால உள்ளத எப்படிக் குடுக்கதுன்னு எனக்குத் தெரியலலே. இலத்தூர்க்காரங்களுக்கு நானே போன் பண்ணி உள்ளதச் சொல்லுதேன்."

"அது நான் சொல்லிக்கிடுதேன்" என்றான். சீவுகிற பலகையைக் கழுவ எடுத்தவன், அதைக் கையில் பிடித்தபடியே நின்று, சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு.

"அங்கன பேங்குல போயி வாய் வலிக்கப் பேசிக் கடன் கேட்டிய. இங்கன நான் இத்தன வருஷமா உங்களுக்குக் கடன் குடுத்துக்கிட்டுல்லா இருக்கேன். நீங்க கேக்கக்கூட இல்ல மதினி."